மருத்துவக் குறியீட்டாளர் வேலை: உங்கள் விண்ணப்பத்துக்கு எத்தனை மதிப்பெண்?

அமெரிக்க மருத்துவக் கட்டணப் பிரிவில் வேலை. ICD-10-CM, CPT தெரியணும், துல்லியம் 95 விழுக்காடு இருக்கணும், காப்புறுதி நிறுவனம் நிராகரித்த கோரிக்கைகளைக் கையாளணும் என்கிறது விளம்பரம். முறையே 40, 30, 30 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம்.

சிங்கப்பூர் மருத்துவமனையில் நீங்கள் பழகியது ICD-10-AM. பெயர்தான் ஒன்றுபோல, அது ஆஸ்திரேலியத் தொகுப்பு. CPT-யும் தெரியாது. அதனால் 15தான்.

"துல்லியம் 98 விழுக்காடு" என்று மட்டும் எழுதினால் இன்னொரு 15. எத்தனை கோப்புகளை யார் தணிக்கை செய்தார் என்பதையும் சேர்த்தால் முழுசா 30.

"நிராகரிப்புகளைக் கையாண்டேன்" என்பதற்கு 5. நோய்க் குறியீடு சிகிச்சையோடு பொருந்தாமல் திரும்பிய கோரிக்கையை, மருத்துவரின் குறிப்பைப் பார்த்துத் திருத்தி அனுப்பியதைச் சொன்னால் 25.

இப்படித் திருத்தி எழுதினால் 35 மதிப்பெண் 70 ஆகும். அந்த முதல் 15 மட்டும் அசையாது. அதற்குப் படிக்கத்தான் வேணும்.