அரளி: பிசுபிசுப்பு, இலைப்புள்ளி, கவாத்து

அரளி (அலரி) வீட்டு வேலியிலும் கோயில் நந்தவனத்திலும் நெடுஞ்சாலை நடுத்திட்டிலும் வளர்க்கப்படும் பூஞ்செடி. தாவரவியலில் இது நீரியம் ஒலியாண்டர். செவ்வரளியும் வெள்ளரளியும் இதன் வகைகளே. பொன்னரளி என்றும் அழைக்கப்படும் மஞ்சள் அரளி வேறு இனம். அதன் காய் உருண்டையாக இருக்கும், அரளியின் காய் நீண்டு மெலிந்திருக்கும். இரண்டுமே கொடிய நஞ்சு. அரளியின் இலைகள் கணுவுக்கு மூன்றாகச் சுற்றி அமைந்திருப்பது நல்ல அடையாளம்.

வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு மேயாது என்பதால்தான் இதை நடுகிறார்கள். அப்படிப்பட்ட செடியிலும் இரண்டு குறைகள் அடிக்கடி தென்படும். ஒன்று, இலை பிசுபிசுவென்று ஒட்டுவது. மற்றொன்று, இலையில் புள்ளி விழுவது. இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணிக் கத்தரியை எடுப்பவர்கள் நிறையப் பேர். பிசுபிசுப்புக்குக் கத்தரி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வெட்டினால் சில சமயம் தொல்லை கூடவே செய்யும்.

ஒட்டும் இலையை மட்டும் பார்த்தால் காரணம் தெரியாது. அதற்கு மேலே இருக்கும் தளிரைப் பார்க்க வேண்டும். குருத்திலும் மொட்டுக் காம்பிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கால்களோடு, கடுகைவிடச் சிறிய பூச்சிகள் அடை அடையாக அப்பியிருந்தால் அவை அரளி அசுவினி. எருக்கஞ்செடியிலும் இதே பூச்சியைக் காணலாம். சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரை நீரை அவை கழிக்கின்றன. இந்தத் தேன்கழிவு கீழ் இலைகளில் சொட்டுவதுதான் பிசுபிசுப்பு. அதைத் தேடி எறும்பு ஏறும். நாளடைவில் அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகும். இந்த அசுவினிகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். ஆணின்றியே குட்டி போடுபவை என்பதால் ஓரிரு வாரங்களில் ஒரு கொத்து முழுவதும் நிறைந்துவிடும். அரளியின் நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைப்பதால் சிலவகை எதிரிகள் இவற்றை நெருங்குவதில்லை. மஞ்சள் நிறமே அதற்கான எச்சரிக்கைப் பலகை.

அசுவினி இல்லாமலும் இலை ஒட்டினால், தண்டிலும் இலையின் அடிநரம்பிலும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. பழுப்புக் கொப்புளம்போல் ஒட்டியிருந்தால் செதில்பூச்சி. செதில்பூச்சியிலும் எல்லாம் தேன்கழிவு விடுவதில்லை. தட்டையான வெளிர்நிறச் செதில் வகை ஒன்று, உறிஞ்சிய இடத்தில் மஞ்சள் புள்ளியை மட்டும் விட்டுவைக்கும். அதைப் பார்த்து நோய்ப்புள்ளி என்று மருந்தடிப்பது வீண் செலவு.

இவற்றைப் பிரித்தறிய ஈரத்துணியும் நகமும் போதும். துணியால் துடைத்தால் கறுப்பு வந்துவிடுகிறதா? அது கரும்பூசணம், மேலே வேறு பூச்சி இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் செதில் உதிர்கிறதா? அது பூச்சி. இரண்டுக்கும் மசியாமல், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கருஞ்சிவப்பும் கொண்டு, இலையின் திசுவே காய்ந்திருந்தால்தான் அது பூசண இலைப்புள்ளி நோய். (சோதனைக்குப் பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.)

ஓர் எடுத்துக்காட்டு. ஆள் உயரச் செவ்வரளி ஒன்றை ஐப்பசியில் கவாத்து செய்து, யூரியாவும் போட்டிருக்கிறார்கள். கார்த்திகையில் தளிர் குபுகுபுவென்று வருகிறது, மார்கழியில் இலையெல்லாம் ஒட்டுகிறது. தழைச்சத்து மிகுந்த இளந்தளிர்தான் அசுவினிக்கு விருந்து. இதற்கு முதல் மருந்து தண்ணீர். குழாய் நுனியை விரலால் அழுத்தி, காலையில் குருத்துகளில் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். விழுந்த அசுவினிகளில் பெரும்பாலானவை மீண்டும் ஏறுவதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறையாக மூன்று முறை செய்த பிறகும் மிஞ்சினால், ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளிச் சோப்புக் கரைசலோடு கலக்கி, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். ஊதிய பழுப்பு நிற அசுவினிக் கூடுகளோ பொறிவண்டுகளோ கண்ணில் பட்டால் தெளிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. அந்தக் கூடுகளுக்குள் குளவிப் புழு இருக்கிறது, வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

கரும்பூசணத்துக்கு மாந்தோப்புக்காரர்களின் கைமுறை ஒன்று உண்டு. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் நீரில் காய்ச்சி ஆறவைத்து, 20 லிட்டராக்கித் தெளிப்பார்கள். வெயிலில் கஞ்சி காய்ந்து பொருக்காக உதிரும்போது கறுப்பும் கூடவே வந்துவிடும். ஒரு செடிக்கு லிட்டருக்கு 50 கிராம் என்ற கணக்கு போதும். மூட்டமான நாளில் இது பயன்படாது.

பூசணப் புள்ளி அடர்ந்த புதரில், கீழ் இலைகளில், மழைக்குப் பின் தோன்றும். உதிர்ந்த இலைகளை அகற்றி, நீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் விட்டாலே பெரும்பாலும் அடங்கும். மீறிப் பரவினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். இலையிலும் தண்டிலும் கரணைபோல் முடிச்சு எழுந்தால் அது பாக்டீரியா நோய். மருந்து பலன் தராது, வெட்டியே ஆக வேண்டும். முடிச்சுக்கு ஒரு சாண் கீழே, மழையில்லாத நாளில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். துடைக்காத கத்தரியே நோயை அடுத்த கிளைக்குக் கொண்டுபோகும்.

அரளியை வெட்டும்போதுதான் அதன் சாற்றோடு நேரடித் தொடர்பு ஏற்படுகிறது. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் ஒலியாண்டிரின் முதலிய இதய கிளைகோசைடுகள் உள்ளன. இவை இதயத் தசையின் சோடிய–பொட்டாசியப் பரிமாற்றத்தைத் தடுத்து, துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் கெடுப்பவை. வாந்தி, வயிற்றுவலி, மங்கிய பார்வை, மந்தமான அல்லது தாறுமாறான நாடி ஆகியவை அறிகுறிகள். சாறு தோலில் பட்டால் பொதுவாக எரிச்சலோடு போகும். கண், வாய், கைக்காயம் ஆகியவையே கவலைக்குரிய வழிகள். ஆகவே ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி அணிந்து வெட்ட வேண்டும். நடுவில் வெற்றிலை போடுவதும் பீடி பிடிப்பதும் கூடாது. முடிந்ததும் கையுறையைக் கழற்றுவதற்கு முன் அதன் வெளிப்புறத்தைச் சோப்பால் கழுவ வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். கழற்றும் கையிலேயே சாறு ஒட்டிக்கொள்கிறது.

பூக்கள் ஓய்ந்ததும் முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுப்பது போதுமான கவாத்து. பூ புதுத் தளிரில் வருவதால் ஒட்ட வெட்டினால் அடுத்த பருவப் பூ தள்ளிப்போகும்.

வெட்டிய குப்பைதான் நிற்கும் செடியைவிட ஆபத்தானது. காய்ந்தாலும் நஞ்சு போகாது, கசப்பு மட்டும் குறைந்துவிடுவதால் பச்சையில் ஒதுக்கிய மாடு சருகைத் தின்றுவிடும். மாட்டின் உடல் எடையில் 0.005 விழுக்காடு அளவு காய்ந்த இலையே உயிரைப் பறிக்கப் போதும் என்பது கால்நடை மருத்துவக் கணக்கு. 400 கிலோ பசுவுக்கு அது 20 கிராம், கைப்பிடிச் சருகு. ஆகவே குப்பையைச் சாலையோரம் வீசக் கூடாது. எரித்தால் புகையிலும் நஞ்சு உண்டு. வெந்நீர் அடுப்புக்கும் அந்த விறகு ஆகாது. குச்சியை ஊறவைத்த நீரும் நஞ்சே. சாக்கில் கட்டி, குப்பை வண்டியில் அரளி என்று சொல்லிக் கொடுக்கலாம், அல்லது கால்நடை தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம்.

இந்த நஞ்சுக்கு அஞ்சியே கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் வாரியங்கள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. மாலைக்குப் பூக் கட்டுபவர்களும் பூவை வாயில் கவ்விக்கொள்ளக் கூடாது.

கண்ணில் சாறு தெறித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்கவைக்கவோ உப்புக்கரைசல் கொடுக்கவோ கூடாது. அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்து, ‘அரளி’ என்ற பெயரைச் சொல்லி, ஒரு கிளையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.