‘பரிசோதனை மற்றும் மதிப்பீடு’ விலக்குப் பிரிவு: எளிய விளக்கம்

இந்தியாவில் வழங்கப்படும் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களின் விலக்குகள் பகுதியில் ‘Excl04’ என்ற குறியீட்டுடன் ஒரு பிரிவு இடம்பெற்றிருக்கும். அதிலுள்ள இரு வாக்கியங்களை எளிய சொற்களில் பின்வருமாறு எழுதலாம்:

“பரிசோதனை செய்துகொள்வதே முதன்மை நோக்கமாக மருத்துவமனையில் சேர்ந்தால், அந்தச் செலவை நாங்கள் வழங்கமாட்டோம். சிகிச்சைக்காகச் சேர்ந்திருக்கும்போது, அந்நோய்க்குத் தொடர்பில்லாத பரிசோதனை செய்தால், அப்பரிசோதனைக்கான செலவை மட்டும் வழங்கமாட்டோம்.”

முதல் வாக்கியம் முழுத் தொகையையும் பாதிக்கும். இரண்டாவது வாக்கியம் ஒரு பகுதியை மட்டுமே பாதிக்கும். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, டெங்கு காய்ச்சலுக்காக நீங்கள் நான்கு நாட்கள் உள்நோயாளியாக இருந்து, மொத்தக் கட்டணம் 46,000 ரூபாய் ஆனது எனக் கொள்வோம். தட்டணுக்களின் எண்ணிக்கையை அறியத் தினமும் செய்த இரத்தப் பரிசோதனைகள் சிகிச்சையின் பகுதியே. ஆனால், நாட்பட்ட முழங்கால் வலிக்கும் சேர்த்து 7,500 ரூபாயில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்திருந்தால், அத்தொகை கழிக்கப்படும். மீதமுள்ள 38,500 ரூபாய், பத்திரத்தின் பிற நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும்.

மாறாக, அதே முழங்கால் வலிக்காக ஓரிரவு தங்கி, ஸ்கேன் எடுத்து, மாத்திரைகளுடன் வீடு திரும்பினால் முழுத் தொகையும் மறுக்கப்படலாம். ‘24 மணி நேரம் தங்கினால் போதும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தவறான புரிதல். புறநோயாளியாகவே செய்திருக்கக்கூடிய பரிசோதனை, படுக்கையில் தங்கியதால் மட்டும் சிகிச்சையாகிவிடாது.

நெஞ்சுவலி போன்ற நிலைகளில்தான் சிக்கல் எழுகிறது. அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டு, இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்ததால் மறுநாள் விடுவிக்கப்பட்டவரின் கோரிக்கை, இப்பிரிவைக் காட்டி நிராகரிக்கப்படுவதுண்டு. முடிவு இயல்பாக வந்தது என்பதால் மட்டும் அந்தச் சேர்க்கை பரிசோதனைக்கானது ஆகிவிடாது. மாரடைப்பு இல்லை என்பது பின்னர்தான் தெரியவந்தது. ஆகவே, சேர்க்கும்போது இருந்த அறிகுறிகள், இரத்த அழுத்தம், செலுத்திய மருந்துகள், கண்காணிப்பு தேவைப்பட்ட காரணம் ஆகியவை வெளியேற்றச் சுருக்கத்தில் உள்ளனவா என்று வீடு திரும்பும் முன்பே படித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால், உண்மையில் நடந்தவற்றைச் சேர்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். நடக்காத சிகிச்சையை எழுதச் சொல்லக்கூடாது. செவிலியர் குறிப்புகளுடன் ஒப்பிடும்போது அது வெளிப்பட்டுவிடும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், எந்த வாக்கியத்தின்கீழ் என்று எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது வாக்கியத்தைச் சுட்டி முழுத் தொகையையும் மறுத்திருந்தால், அது ஏற்கத்தக்கதன்று. முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்திற்குள் பதில் இல்லாவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை. ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.