தலையாட்ட ஆளில்லாத நேர்முகம்

பணியில் இருந்த காலத்தில் பல தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். வேலை கேட்டு வரும் பையன் பதற்றத்தில் வாயடைத்துப் போனால், "சொந்த ஊர் எதுப்பா?" என்று கேட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைப்போம். கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு எங்கோ போனால், "அது இல்லை, நான் கேட்டது வேற" என்று திருப்பி இழுப்போம். எதிரில் ஆளே இல்லாமல், கேமராவைப் பார்த்துக் கடிகாரத்தோடு போட்டி போட்டுப் பதில் சொல்லும் நேர்முகத்தைப் பற்றி முதலில் கேள்விப்பட்டபோது, இந்த இரண்டையும் யார் செய்வார்கள் என்றுதான் தோன்றியது.

இது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2004-இல் மார்க் நியூமன் என்ற கல்லூரி மாணவர் ஹயர்வியூ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது எல்லார் வீட்டிலும் கேமரா கிடையாது. அதனால் விண்ணப்பித்தவருக்கு வெப்கேமராவையே பார்சலில் அனுப்பிவைத்தார்களாம். தபாலில் நேர்முகம் வந்த காலம் அது!

இந்த முறையை ஒரு தொழிலே ஒட்டுமொத்தமாகச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மருத்துவம் முடித்தவர்கள் மேற்பயிற்சிக்கு, அதாவது ரெசிடென்ஸிக்கு, ஒரே நேரத்தில் பல மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிப்பார்கள். ஆயிரக்கணக்கில் குவியும் விண்ணப்பங்களை வடிகட்ட, உரிமத் தேர்வு மதிப்பெண்ணையே பெரிதும் நம்பினார்கள். நோயாளியிடம் பேசத் தெரியுமா, சக ஊழியரிடம் நேர்மையாக நடப்பாரா என்பதை மதிப்பெண் சொல்லாது. எனவே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், அவசரச் சிகிச்சைத் துறைக்கு விண்ணப்பிப்பவர்களை வைத்து, 2017-இல் ஒரு பொது வீடியோ நேர்முகத்தைத் தொடங்கியது. ஹயர்வியூவின் தளத்தில்தான் பதிவு நடந்தது.

ஆறு கேள்விகள். ஒவ்வொன்றும் திரையில் எழுத்தில் வரும். படித்து யோசிக்க 30 விநாடி, பேச அதிகபட்சம் 3 நிமிடம். ஆக மொத்தம் 21 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பயிற்சிக் கேள்விகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் பழகலாம்; உண்மையான கேள்விக்கு ஒரே ஒரு வாய்ப்பு, திரும்பப் பதிவு செய்ய முடியாது.

பயிற்சி பெற்ற மனிதர்கள் பதிலைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். ஒருவருடைய ஆறு பதில்களையும் ஆறு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். முதல் பதிலில் பிடித்துப்போனவரை கடைசிவரை தூக்கிப் பிடிக்கும் பழக்கம் எங்கள் குழுக்களில் தாராளமாக உண்டு. இந்த ஏற்பாடு அதை அறுத்துவிடுகிறது. இதை நான் உண்மையாகவே மெச்சுகிறேன். கூட்டினால் குறைந்தது 6, அதிகம் 30.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். சக மாணவர் செய்யாத பரிசோதனையைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவதைப் பார்க்கிறீர்கள், என்ன செய்வீர்கள் என்ற மாதிரி. நேரில் என்றால், "மேலிடத்தில் சொல்வேன்" என்று ஒருவர் நிறுத்தினால் நாங்கள், "முதலில் அவரிடம் பேச மாட்டீர்களா?" என்று கிண்டுவோம். அதில்தான் ஆள் வெளிப்படுவார். இங்கே ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் மீதி இரண்டு நிமிடமும் மௌனம்தான். சிலர் அந்த மௌனத்துக்குப் பயந்து சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். சிலர் லென்ஸை விட்டுத் திரையில் தெரியும் தன் முகத்தையே பார்ப்பார்கள். மனப்பாடம் செய்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம்: பதில் அழகாக இருக்கும், கேட்ட கேள்விக்கு இருக்காது.

விளைவு என்ன? முதல் வருடச் சராசரி 19-ஐ ஒட்டி வந்தது. பெரும்பாலோர் 16-க்கும் 22-க்கும் நடுவில் குவிந்தார்கள். உரிமத் தேர்வு மதிப்பெண்ணோடு இதற்குப் பெரிய தொடர்பு இல்லை. அதாவது, புதிதாக ஏதோ ஒன்றை அளந்தது உண்மை. ஆனால் 18 வாங்கியவருக்கும் 20 வாங்கியவருக்கும் என்ன வித்தியாசம் என்று தேர்வு செய்யும் மருத்துவரால் சொல்ல முடியவில்லை. வீடியோவைத் திறந்து பார்க்கலாம்தான். நேரம் மிச்சம் பிடிக்க வந்த ஏற்பாட்டில் நேரம் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? மூன்று பருவங்களுக்குப் பிறகு சங்கமே இதை நிறுத்திக்கொண்டது.

கம்பெனி உலகில் கதை வேறு திசையில் போனது. அங்கே முகபாவத்தைக் கணினி அலசும் வேலையையும் ஹயர்வியூ சேர்த்தது. 2019-இல் ஒரு தனியுரிமை அமைப்பு அரசிடம் புகார் கொடுத்தது. முக அலசலைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. ஒற்றைவழிப் பதிவு மட்டும் நிற்கவில்லை.

மருத்துவர்கள் அதை நிறுத்திய கையோடு 2020-இல் கொரோனா வந்தது. அந்தப் பருவத்து ரெசிடென்ஸி நேர்முகங்கள் வீடியோவுக்கு மாறின. ஆனால் திரையின் மறுபக்கத்தில், தலையாட்டுவதற்கு ஆள் உட்கார்ந்திருந்தார்.