இரண்டு பில்லா, இரண்டு விக்ரம்

சனிக்கிழமை இரவு வீட்டார் எல்லோரும் கூடியிருந்து படம் தேடினால், ‘பில்லா’ என்ற பெயரில் 1980-ம் ஆண்டுப் படமும் 2007-ம் ஆண்டுப் படமும் உண்டு. ‘விக்ரம்’ என்றாலும் 1986, 2022 என்று இரண்டு. பழைய பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது மட்டுமே இவற்றுக்குள் ஒற்றுமை. எடுத்துக்கொண்ட விதம் முற்றிலும் வேறு.

விஷ்ணுவர்தன் இயக்கிய 2007 ‘பில்லா’ அசல் ரீமேக். சலீம்-ஜாவேத் ‘டான்’ (1978) இந்திப் படத்துக்கு எழுதிய கதைதான் ரஜினிக்கும் அஜித்துக்கும் வந்தது. கடத்தல் தலைவன் செத்துப்போக, அவனைப் போலவே இருக்கும் அப்பாவியைப் போலீஸ் அதிகாரி அவன் இடத்தில் நிறுத்துகிறார். அந்த உண்மை தெரிந்த அதிகாரியும் இறந்துவிடுகிறார். களம் மலேசியாவுக்கு மாறியது, உடையும் ஒளியும் மாறின, இந்த முடிச்சு மாறவில்லை. அதனால் எந்தப் ‘பில்லா’வை முதலில் பார்த்தாலும் மற்றதன் திருப்பம் பாதி போய்விடும். ரஜினி படத்தை இன்னும் பார்க்காத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நான் 1980-ஐத்தான் முதலில் போடுவேன். 2012-ல் வந்த ‘பில்லா 2’ எண்ணில் இரண்டு என்றாலும், பில்லா எப்படி உருவானான் என்ற முன்கதை அது.

‘விக்ரம்’ விஷயம் வேறு. 1986 படத்துக்குக் கதை சுஜாதா. கடத்தப்பட்ட ஏவுகணையைத் தேடிப் போகும் உளவாளி கதை. லோகேஷ் கனகராஜ் அந்தக் கதையைத் தொடவில்லை. நாயகனின் பெயரையும் கமல்ஹாசனையும் எண்பதுகளின் உளவாளி வாழ்க்கையையும் எடுத்து, போதைப்பொருள் கும்பலுக்கு எதிரான புதுக்கதையில் வைத்தார். அதே நடிகர் முப்பத்தாறு வருடம் மூத்தவராகத் திரும்பி வருவதால் இது மரபுத் தொடர்ச்சியின் சாயல் கொண்டது. பழைய சம்பவங்களை விட்டுவிட்டதால் ரீபூட்டுக்கும் நெருக்கம். பலர் சறுக்குவது இங்கேதான்: ஆயத்தமாக 1986 படத்தைப் பார்த்துவிட்டு உட்காருகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது ‘கைதி’ (2019). நரேன் நடித்த பிஜாய் அங்கிருந்துதான் வருகிறார்.

ஆகவே பிளே அழுத்துமுன் மூன்றைப் பாருங்கள். ஆண்டு; கதை யாருடையது என்ற வரி; பழைய நடிகர் அதே பாத்திரத்தில் இருக்கிறாரா என்பது. கதை பழையவருடையது, நடிகர் புதியவர் என்றால் பெரும்பாலும் ரீமேக். கதை புதிது, பழைய நடிகர் அதே பாத்திரத்தில் என்றால் தொடர்ச்சி. இரண்டும் புதிது, பாத்திரம் மட்டும் பழையது என்றால் ரீபூட்டாக இருக்கலாம். மறுகற்பனையைத்தான் இந்த வரிகள் காட்டிக்கொடுக்காது. ஃபர்ஹான் அக்தரின் ‘டான்’ (2006) ரீமேக் போலவே நடந்து, கடைசியில் மூலக்கதையைப் புரட்டிப்போடுகிறது. பழைய படத்தைப் பார்த்தவருக்கே அந்த அடி முழுதாக விழும்.