இரவு தாமதமாகச் சாப்பிட்டால் காலைச் சர்க்கரை ஏன் கூடுகிறது?

கடையை அடைத்து, கணக்குப் பார்த்து வீட்டுக்கு வரும்போது இரவு பதினொரு மணி ஆகிவிடுகிறது. அதன் பிறகுதான் சாப்பாடு. காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு அப்படியே லேப்புக்குப் போய் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கிறோம். முடிவு கூடுதலாக வந்தால் வீடே பதறுகிறது. மாத்திரை வேலை செய்யவில்லையோ, நோய் முற்றிவிட்டதோ என்று கவலைப்படுகிறோம். ஆனால் அந்த எண்ணில் முந்தைய இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று நம்மில் பலர் நினைப்பதில்லை.

வெறும் வயிறு என்றால் எத்தனை மணி நேரம்?

வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உட்கொண்டிருக்கக் கூடாது. இரவு 11.15க்குச் சாப்பிட்டு முடித்தவர் காலை 6.30க்கு ரத்தம் கொடுத்தால் இடைவெளி ஏழேகால் மணி நேரம்தான். தூங்கி எழுந்துவிட்டோம், காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பதால் மட்டும் அது வெறும் வயிறு ஆகிவிடாது. ஃபஜ்ருக்குப் பிறகு குடிக்கும் பால் டீயும் அந்த வெறும் வயிற்றைக் கெடுத்துவிடும்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்குச் சாப்பிட்டபின் ஏறிய சர்க்கரை பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் தாமதமாகச் சாப்பிட்டாலும் அவரது காலை எண் பெரிதாக மாறாமல் போகலாம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது இறங்க அதைவிட அதிக நேரம் பிடிக்கும். பரோட்டா, பிரியாணி போல எண்ணெயும் கறியும் சேர்ந்த உணவு என்றால் இன்னும் தாமதம். கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதை மெதுவாக்குகிறது. எனவே சர்க்கரை ஒரேயடியாக ஏறி இறங்காமல் நள்ளிரவு தாண்டியும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இரவில் உடல் வேறு மாதிரி வேலை செய்கிறது

ஒரே சாப்பாட்டை மாலையில் சாப்பிடுவதும் படுக்கப்போகும் நேரத்தில் சாப்பிடுவதும் உடலுக்கு ஒன்றல்ல. தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவு ஏற ஏறக் கூடுகிறது. அது கூடியிருக்கும் நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைவாகச் சுரக்கிறது. 2020ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 20 பேருக்கு ஒரு நாள் மாலை 6 மணிக்கும் இன்னொரு நாள் இரவு 10 மணிக்கும் ஒரே உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கை நேரம் இரண்டு நாளும் 11 மணிதான். இரவு 10 மணிக்குச் சாப்பிட்ட நாளில் சர்க்கரை கூடுதலாக ஏறியது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கே இப்படி.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. விடிவதற்கு முன், சுமார் 3 மணிக்கு மேல், எழுந்திருக்கத் தேவையான ஹார்மோன்கள் ஏறத் தொடங்குகின்றன. அவை கல்லீரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் விடச் செய்கின்றன. இது எல்லோருக்கும் நடப்பதுதான். இன்சுலின் போதாதவர்களுக்கு மட்டும் காலை எண் கூடுதலாகத் தெரியும். இரவுச் சாப்பாட்டின் சர்க்கரை இறங்கி முடிவதற்குள் இந்த விடியற்கால ஏற்றமும் வந்து சேர்ந்தால் எண் இன்னும் உயரும்.

காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. படுக்கும்போது ஒரு முறை, இரவு 3 மணிக்கு ஒரு முறை, காலையில் எழுந்ததும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஒருவர் இரவு 11.15க்கு நான்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 12.30க்குப் படுக்கும்போது 212, இரவு 3 மணிக்கு 188, காலை 6.30க்கு 151. இரவு முழுக்க எண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் இறங்கி முடியவில்லை. இங்கே காலை எண்ணில் இருப்பது பெரும்பாலும் முந்தைய இரவின் மிச்சம்.

அவரே இன்னொரு நாள் அதே உணவை, அதே அளவில், இரவு 8 மணிக்குச் சாப்பிடுகிறார். 11 மணிக்கு 170, மூன்று மணிக்கு 118, காலையில் 124. இப்போது இரவின் மிச்சம் இல்லை. மூன்று மணிக்குப் பிறகு வந்த சிறிய ஏற்றம் விடியற்கால ஹார்மோன்களின் வேலையாக இருக்கலாம்.

மூன்று மணிக்கு 110 இருந்து காலையில் 160 என்று வந்தால், அது சாப்பாட்டு நேரத்தால் மட்டும் வந்ததல்ல. மருந்தின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம். மூன்று மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரையோ பழச்சாறோ எடுத்துக்கொண்டு, மறுநாளே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு நாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. வீட்டு மீட்டரின் எண்ணுக்கும் லேப் எண்ணுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். எனவே 124க்கும 132க்கும் உள்ள வேறுபாடு ஒன்றுமே இல்லாமல் போகலாம். தாமதமாகச் சாப்பிட்ட மூன்று நாள், நேரத்தோடு சாப்பிட்ட மூன்று நாள் என்று எழுதி வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது நல்லது. கடை காரணமாக முடியாதவர்கள் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலேயே முக்கியமான சாப்பாட்டைக் கடைக்கு வரவழைத்துச் சாப்பிட்டுவிடலாம். வீட்டுக்கு வந்தபின் பசித்தால் கொஞ்சம் சுண்டலோ முட்டையோ போதும்.

ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நேரத்தை மாற்றக் கூடாது. எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுவிட்டுப் பதினொரு மணிக்குச் சாப்பிட்டால் இடையில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் எண் நன்றாக வர வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிடுவதும் இவர்களுக்கு அதே ஆபத்துதான்.

ரமளானில் வெறும் வயிற்றுச் சோதனை எடுப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஸஹர் உணவை 4.30க்கு முடித்துவிட்டுக் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்தால் இடைவெளி மூன்றரை மணி நேரம்தான். நோன்பு வைத்திருப்பதால் மட்டும் அது மருத்துவர் கேட்கும் வெறும் வயிறு ஆகாது. லேப்பில் ஸஹர் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

காலை எண் 126 அல்லது அதற்கு மேல் வந்து, உடலில் அறிகுறி எதுவும் இல்லையென்றால், அந்த ஒரு முடிவை வைத்து மட்டும் சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் உறுதி செய்வதில்லை. இன்னொரு சோதனையும் கேட்பார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை நேற்றைய பரோட்டா மாற்றிவிட முடியாது. அதுவும் கூடுதலாக வந்தால் தாமதச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

அடுத்த முறை லேப் சீட்டை மருத்துவரிடம் நீட்டும்போது, முந்தைய இரவு எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டோம் என்பதையும் அதன் ஓரத்தில் எழுதிக் கொடுப்போம்.