ஒரு கவளம் சோறு வாய் முதல் மலவாய் வரை எப்படிப் போகுது? படத்தில் மாணவர்கள் தவறவிடும் இடம் எது?

தஞ்சாவூர் டெல்டாவில் சாப்பாடு என்றாலே சோறுதான். அந்தச் சோற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது எங்கே, எப்படி உடைகிறது என்று பார்த்தாலே செரிமான மண்டலப் படம் புரிந்துவிடும்.

உணவு செல்லும் பாதை:
வாய் → உணவுக்குழல் → இரைப்பை → சிறுகுடல் → பெருங்குடல் → மலக்குடல் → மலவாய்

கல்லீரலும் கணையமும் எங்கே?

இந்த வரிசையில் இரண்டும் இல்லை. படத்தில் பலர் தவறுவது இங்கேதான். உணவு இந்த உறுப்புகளுக்குள் போவதே கிடையாது. அவை சுரக்கும் நீர்தான் குழாய் வழியாகச் சிறுகுடலுக்கு வருகிறது. அதனால் அம்புக்குறியை உறுப்பிலிருந்து சிறுகுடலை நோக்கிப் போட வேண்டும்.

வாயில் என்ன நடக்குது?

உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி, மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. வெறும் சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பது இதனால்தான்.

இதைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். ஆறிய கஞ்சித் தண்ணீரை இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒன்றில் மட்டும் உமிழ்நீர் சேர்த்து, பத்து நிமிடம் கழித்து இரண்டிலும் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். உமிழ்நீர் சேராதது கருநீலமாகும். சேர்த்ததில் அந்த நிறம் மங்கும், அல்லது வராது. கஞ்சி சூடாக இருந்தால் நொதி செயலிழந்துவிடும்.

இரைப்பையில் ஏன் நிற்குது?

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அந்தப் புளிப்பில் அமைலேஸ் வேலை செய்யாது. அங்கே வேலை பெப்சினுக்கு. சாம்பாரில் இருக்கும் பருப்பின் புரதத்தை அது உடைக்கும்.

சிறுகுடலில் மிச்ச வேலை

கணைய நீர் அமிலத்தைச் சமன் செய்கிறது. அதிலுள்ள அமைலேஸ், நின்றுபோன வேலையைத் தொடர்கிறது. டிரிப்சின் புரதத்தையும் லைபேஸ் நெய்யையும் கவனிக்கும். கல்லீரலின் பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. அது நெய்யைச் சிறு துளிகளாகப் பிரித்து லைபேஸுக்கு வழிவிடும். கடைசியாக, குடல் சுவரிலுள்ள மால்டேஸ், மால்டோஸை குளுக்கோஸாக்குகிறது. குடலுறிஞ்சிகள் அதை ரத்தத்தில் சேர்க்கும்.

பழைய சோறு மட்டும் ஏன் வேற?

வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் இறுகிவிடும். அமைலேஸால் அதை எளிதில் உடைக்க முடியாது. அது பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகும். அவை உருவாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடல் சுவருக்குச் சக்தி தரும். ஆனால் இப்படி மாறுவது சிறு பகுதிதான். மீதி குளுக்கோஸாகவே ரத்தத்தில் சேரும். எனவே சர்க்கரை நோயாளிகளுக்குப் பழைய சோற்றிலும் அளவு முக்கியம்.

பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சியபின் மிஞ்சும் சக்கை மலக்குடலில் தங்கி, மலவாய் வழியாக வெளியேறும்.