கோட்டம்

‘டார்ட்’ என்பதைக் குற்றம் என்று எழுதுவது பொருந்தாது. குற்றத்துக்குத் தண்டனை, டார்ட்டுக்கு இழப்பீடு. முறுக்கியது, கோணியது என்ற லத்தீன் பொருளில் பிறந்த சொல் அது. சட்டத் தமிழில் ‘தீங்கு’ வழங்குகிறது. எனக்குக் ‘கோட்டம்’ பிடிக்கும். வளைவு, நடுநிலை தவறுதல் இரண்டும் அதில் உண்டு. கொடுங்கோலும் அதன் உறவுதான். அரசின் கோல் கோணினால் ஈடு யார் தருவது? 1947இல் மீரட் போலீஸ் ஒரு வணிகரின் தங்கத்தைப் பறிமுதல் செய்தது. அதற்குப் பொறுப்பான தலைமைக் காவலர் அதோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். பறிமுதல் இறைமை அதிகாரம் என்று சொல்லி, கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964இல் இழப்பீட்டை மறுத்தது. 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில், பறிமுதல் செய்த உரமும் தானியமும் கவனிப்பின்றிக் கெட்டதற்கு அரசே ஈடு தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கஸ்தூரிலால் தீர்ப்பு மட்டும் இன்னும் முறைப்படி ரத்தாகவில்லை.